பாகப்பிரிவினைப் பத்திரத்தில் பிழை பார்ப்பது எப்படி: பங்கு, சர்வே எண், பெயர்

அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும் உட்கார்ந்து பேசி, யாருக்கு எந்த நிலம் என்று முடிவாகிவிட்டால், பாகப்பிரிவினை முடிந்துவிட்டது என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். "பேசினபடி எழுதிடுங்க" என்று பத்திர எழுத்தரிடம் சொல்லிவிட்டு, வரைவு வந்ததும் முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். பிழை பார்ப்பது என்றால் எழுத்துப்பிழை பார்ப்பது என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. "அனுபவித்துக்கொள்ள" என்பதில் ஓர் ஒற்று விடுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. சர்வே எண்ணில் ஓர் எழுத்து விடுபட்டால், அந்த நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ போகும் நாளில்தான் தெரியவரும்.

அப்போது அதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். முதல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் அதிலும் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகள் வர வேண்டும். மனக்கசப்பு வந்திருந்தால் வர மறுப்பார்கள். வரைவிலேயே பார்த்துவிட்டால், இத்தனை அலைச்சலும் வெள்ளைத் தாளில் ஒரு பேனாக் கோட்டோடு போய்விடும்.

இந்தக் கட்டுரை தமிழ்நாட்டில் ஒரு இந்துக் குடும்பத்தின் விவசாய நிலத்தை வைத்துப் போகிறது. முஸ்லிம், கிறித்தவக் குடும்பங்களுக்கு வாரிசுரிமைக் கணக்கு வேறு. ஆனால் சர்வே எண், எல்லை, பெயர் பற்றிச் சொல்வது எல்லோருக்கும் பொருந்தும்.

## பத்திரம் சொல்ல வேண்டிய மூன்று விஷயங்கள்

களத்தில் நெல் அடித்துப் பங்கு பிரிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் மூன்று விவரம் தெரிய வேண்டும்: எடை எவ்வளவு, எந்தக் குவியலிலிருந்து எடுத்தது, யாருக்கு. எல்லா மூட்டைகளின் எடையையும் கூட்டினால் குவியலின் மொத்த எடை வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் எங்கோ தவறு.

பத்திரத்திலும் அதே மூன்றுதான். எடைக்குப் பதில் பங்கும் பரப்பும், குவியலுக்குப் பதில் சர்வே எண்ணும் எல்லையும், மூட்டை மேல் எழுதிய பெயருக்குப் பதில் பங்குதாரரின் பெயர். பத்திரத்தின் முன்பகுதியில் இந்தச் சொத்து எப்படி வந்தது, யார் யாருக்குப் பாத்தியம் என்ற வரலாறு இருக்கும். பின்பகுதியில் ஷெட்யூல் இருக்கும். ஷெட்யூல் என்பது சொத்தின் விவரப் பட்டியல். முதல் ஷெட்யூலில் மொத்தச் சொத்தும், அடுத்தடுத்த ஷெட்யூல்களில் ஒவ்வொருவருக்கும் ஒதுக்கிய பாகமும் வரும். எழுதும் முறை எழுத்தருக்கு எழுத்தர் மாறும், ஆனால் இந்தக் கட்டமைப்பு இருக்கும்.

## பங்கு: முதலில் பின்னம், பிறகுதான் சென்ட்

பங்கு என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு பொருளில் பேசுகிறோம். பிரிக்கப்படாத சொத்தில் ஒருவருக்குச் சட்டப்படி இருக்கும் உரிமை ஒன்று. அது மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று பின்னமாக இருக்கும். பிரித்த பிறகு அவர் கைக்கு வரும் குறிப்பிட்ட நிலம் இன்னொன்று. முதலாவது தப்பாக இருந்தால் இரண்டாவதும் தப்பும். ஆகவே பின்னத்திலிருந்துதான் சரிபார்க்கத் தொடங்க வேண்டும்.

விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் குடும்பம். அப்பா சுப்பையா தன் சம்பாத்தியத்தில் 1 ஏக்கர் 80 சென்ட் வாங்கினார். உயில் எழுதாமல் இறந்தார். அப்போது இருந்தவர்கள் மனைவி பேச்சியம்மாள், மகன் கணேசன், மகள் மாரியம்மாள், இளைய மகன் முத்துக்குமார். சில வருடம் கழித்து முத்துக்குமார் இறந்தார். அவருக்கு மனைவி லட்சுமி, மகள் கவிதா. அதற்கும் பிறகு பேச்சியம்மாள் உயில் இல்லாமல் இறந்தார். இப்போது பங்கு பிரிக்க உட்காருபவர்கள் கணேசன், மாரியம்மாள், லட்சுமி, கவிதா. கவிதா வயது வந்தவர்.

இப்படிப்பட்ட குடும்பத்துக்கு வரும் வரைவில் அநேகமாக "மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1/3, முத்துக்குமார் பங்கை மனைவியும் மகளும் சரிபாதி" என்று இருக்கும். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கணக்கு அப்படி வராது. ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியாக, நடந்த வரிசையில் பார்க்க வேண்டும்.

சுப்பையா இறந்தபோது, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. நான்கு பேர், ஆளுக்கு 1/4. மாரியம்மாளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா இல்லையா என்பது இதில் ஒரு பொருட்டே இல்லை.

முத்துக்குமார் இறந்தபோது, அவருடைய 1/4 மனைவிக்கும் மகளுக்கும் மட்டும் போகவில்லை. இறந்த மகனுக்குத் தாயும் முதல் வகுப்பு வாரிசு. முதல் வகுப்பு வாரிசு என்றால், மற்ற உறவினர்களை முந்திக்கொண்டு முதலில் சொத்தைப் பெறுகிறவர். ஆகவே 1/4 மூன்றாகப் பிரிந்து லட்சுமிக்கு 1/12, கவிதாவுக்கு 1/12, பேச்சியம்மாளுக்கு 1/12. மகன் சொத்தில் தாய்க்கு வந்த இந்தத் துண்டுதான் வரைவுகளில் எளிதில் விட்டுப்போவது.

பேச்சியம்மாள் இறந்தபோது அவர் பெயரில் இருந்தது 1/4 + 1/12, அதாவது 1/3. அது மூன்று பிள்ளைகளின் வழியாக மூன்றாகும்: கணேசனுக்கு 1/9, மாரியம்மாளுக்கு 1/9, முத்துக்குமாருக்குப் பதிலாக அவர் மகள் கவிதாவுக்கு 1/9. மாமியார் சொத்தில், பிள்ளைகளும் பேத்தியும் இருக்கும்போது மருமகள் லட்சுமிக்குப் பங்கு வராது.

எல்லாவற்றையும் 36 பாகமாக வைத்துக் கூட்டினால், கணேசனுக்கு 13, மாரியம்மாளுக்கு 13, லட்சுமிக்கு 3, கவிதாவுக்கு 7. கூட்டுத்தொகை 36. 180 சென்ட்டில் ஒரு பாகம் 5 சென்ட். ஆக, 65, 65, 15, 35.

வரைவில் இருந்தபடி போயிருந்தால் 60, 60, 30, 30. கணேசன், மாரியம்மாள், கவிதா மூவருக்கும் ஆளுக்கு 5 சென்ட் குறையும், லட்சுமிக்கு 15 சென்ட் கூடும். லட்சுமிக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று நால்வரும் மனமொத்து முடிவு செய்தால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சட்டப்படி எவ்வளவு என்று தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு, தெரியாமல் கையெழுத்துப் போடுவது வேறு. சம்மதித்துத்தான் மாற்றியிருக்கிறார்கள் என்பதும், அதற்கு ஈடாகப் பணம் கைமாறியிருந்தால் எவ்வளவு என்பதும் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. பங்கு என்பது மதிப்பில்தான், பரப்பில் இல்லை. ரோட்டோரம் 10 சென்ட்டும் உள்ளே 10 சென்ட்டும் ஒன்றாகாது. நம் உதாரணத்தில் நிலம் முழுக்க ஒரே மதிப்பு என்று வைத்துக்கொண்டுதான் சென்ட்டாகப் பிரித்திருக்கிறோம்.

சுருக்கமாகச் சொன்னால்: இறந்த வரிசைப்படி பின்னம் போடுங்கள், கூட்டினால் முழுசாக ஒன்று வருகிறதா என்று பாருங்கள், அதன் பிறகு பரப்புக்கு வாருங்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள எந்தப் பெயராவது பின்னக் கணக்கில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். பங்குள்ள ஒருவரை விட்டுவிட்டு எழுதிய பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது.

## சர்வே எண்: ஓர் எழுத்து முழு நிலத்தையே மாற்றும்

சர்வே எண், அதாவது புல எண், என்பது அரசு அளந்து ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் கொடுத்த எண். ஒரு புலம் பிரியும்போது அதற்குள் உட்பிரிவு எண் வரும். 148 என்ற புலத்தில் 148/1, 148/2 என்று பிரியும். 148/2 மறுபடி பிரிந்தால் 148/2A, 148/2B. பிரிந்த பிறகு வெறும் 148/2 என்ற துண்டு அரசுப் பதிவேட்டில் தனியாக இருக்காது. வரைவில் "148/2" என்று மட்டும் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரருடைய 148/2B-யையும் சேர்த்துச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

சுப்பையாவின் நிலம் இரண்டு துண்டு என்று வைப்போம். 148/2A-யில் 1 ஏக்கர் 10 சென்ட், 151/4-இல் 70 சென்ட். அவர் வாங்கிய பத்திரத்தில், அதாவது தாய்ப்பத்திரத்தில், இந்த எண்களே இல்லாமல் வேறு எண்கள் இருக்கலாம். 1980களில் தமிழ்நாட்டில் நில உடமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பல கிராமங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. எனவே பத்திரத்தில் "பழைய சர்வே எண் இன்னது, தற்போதைய சர்வே எண் இன்னது" என்று இரண்டும் இருக்க வேண்டும். பழையதை மட்டும் எழுதினால் இன்றைய பட்டாவோடு பொருந்தாது. புதியதை மட்டும் எழுதினால் தாய்ப்பத்திரத்தோடு தொடர்பு அறுந்துபோகும்.

உட்பிரிவு எழுத்தையும் கவனியுங்கள். பட்டாவில் 2A என்று இருப்பதை ஓர் எழுத்தர் "2ஏ" என்பார், இன்னொருவர் "2அ" என்பார். அதே பத்திரத்தில் "அ ஷெட்யூல்" என்றும் வந்தால் குழப்பம் கேட்கவே வேண்டாம். பட்டாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எழுதச் சொல்லுங்கள்.

இப்போது புதிதாகப் பிரிக்கும் துண்டுகளுக்கு 148/2A1, 148/2A2 என்று தாமாகவே எண் போட்டுவிடும் எழுத்தர்களும் உண்டு. இது வேண்டாம். உட்பிரிவு எண்ணைத் தருவது நில அளவைத் துறை. அவர்கள் அளந்து எண் கொடுக்காதவரை "148/2A-யில் 1 ஏக்கர் 10 சென்ட்டில், மேற்குப்புறம் 65 சென்ட்" என்று எழுதுவதுதான் சரி. எந்தப் பக்கம் என்ற சொல் விட்டுப்போகக் கூடாது.

### ஏக்கரும் ஹெக்டேரும்

தாய்ப்பத்திரம் ஏக்கர், சென்ட்டில் பேசும். பட்டா ஹெக்டேர், ஏரில் பேசும். 100 சென்ட் ஒரு ஏக்கர். 100 ஏர் ஒரு ஹெக்டேர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 2.47 சென்ட்.

148/2A-க்குப் பட்டாவில் 0-44.50 என்று இருக்கும், அதாவது 44.5 ஏர். 2.47-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 110 சென்ட். சரி. 151/4-க்கு 0-28.50 என்று இருந்தால் 70.4 சென்ட் வரும். பத்திரத்தில் 70 சென்ட். இந்த அரை சென்ட்டுக்கும் குறைவான வித்தியாசம் முழுமையாக்கியதால் வருவது, பயப்பட ஒன்றுமில்லை. வித்தியாசம் பல சென்ட் என்றால் அது வேறு கதை. ஒன்று தட்டச்சுப் பிழை, இல்லையென்றால் நிலத்தில் ஒரு பகுதி சாலைக்கோ வேறு யாருக்கோ போயிருக்கிறது. அதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் பிரிக்கவே கூடாது.

புள்ளியில்தான் பெரிய ஆபத்து. 0-04.50 என்பதும் 0-45.00 என்பதும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், நிலத்தில் பத்து மடங்கு வித்தியாசம். "ஏக்கர் 1.1" என்று எழுதினால் 1 ஏக்கர் 1 சென்ட்டா, 1 ஏக்கர் 10 சென்ட்டா? "ஏக்கர் 1.10, ஒரு ஏக்கர் பத்து சென்ட்" என்று எண்ணாலும் எழுத்தாலும் இருக்கட்டும்.

### கூட்டிப் பார்ப்பது

ஒவ்வொரு சர்வே எண்ணையும் தனியாகக் கூட்ட வேண்டும், மொத்தத்தை மட்டும் கூட்டினால் போதாது. நம் குடும்பத்தில் 148/2A-யில் கணேசனுக்கு 65, மாரியம்மாளுக்கு 45. கூட்டினால் 110. 151/4-இல் மாரியம்மாளுக்கு 20, லட்சுமிக்கு 15, கவிதாவுக்கு 35. கூட்டினால் 70. இரண்டும் சேர்ந்து 180.

இப்போது வரைவில் ஒரு வரி கூடுதலாக வருகிறது: "148/2A-யில் தென்புறம் 12 அடி அகலத்தில் 109 அடி நீளத்துக்குப் பொதுப் பாதை." பெருக்கினால் 1,308 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக இது 3 சென்ட். ஆனால் கணேசனுக்கு 65-உம் மாரியம்மாளுக்கு 45-உம் அப்படியே இருக்கின்றன. கூட்டினால் 113 சென்ட் வருகிறது, நிலம் இருப்பதோ 110. அந்த 3 சென்ட் இப்போது பொதுப் பாதையும்தான், ஒருவருடைய தனி நிலமும்தான். நாளைக்கு வேலி போடும்போது சண்டை இங்கேதான் தொடங்கும். பாதையை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மீதியைப் பிரித்திருக்க வேண்டும், இல்லையென்றால் "கணேசனுடைய நிலத்துக்குள் அடங்கிய பாதையில் மாரியம்மாளுக்கு நடமாட்ட உரிமை" என்று எழுதியிருக்க வேண்டும். கிணறு, மோட்டார், மின் இணைப்பு எண், வாய்க்கால் ஆகியவற்றுக்கும் யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்ற வரி இருக்கிறதா என்று இதே கையோடு பார்த்துவிடுங்கள்.

## எல்லை: "பாதைக்கு வடக்கு" என்றால் பாதை எங்கே?

நம் பழைய பத்திரங்களில் நான்கெல்லையை, அதாவது செக்குபந்தியை, "பாதைக்கு வடக்கு" என்று எழுதுவார்கள். பாதைக்கு வடக்கே நம் நிலம் இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் பாதை நம் நிலத்தின் தெற்கு எல்லை. புதிய வரைவுகளில் "வடக்கில் பாதை" என்று எழுதுகிறார்கள். அங்கே பாதை வடக்கு எல்லை. ஒன்றுக்கொன்று நேர் எதிர். பழைய பத்திரத்தைப் பார்த்துப் புதிய நடையில் தட்டச்சு செய்யும்போது திசை திருப்பப்படாமல் விட்டுப்போனால், நிலமே தலைகீழாகிவிடும். வரைவு எந்த நடையில் இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டு, எல்லா ஷெட்யூலிலும் அதே நடைதானா என்று பாருங்கள். அளந்து வரைந்த புலப்படத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இது சீக்கிரம் முடியும்.

இன்னொரு பிழை, அப்பாவின் பழைய எல்லைகளை அப்படியே எல்லோருடைய ஷெட்யூலிலும் ஒட்டிவிடுவது. பிரித்த பிறகு கணேசனுக்குக் கிழக்கே இருப்பது பழைய பக்கத்து நிலத்துக்காரர் இல்லை, தங்கை மாரியம்மாள். கணேசன் ஷெட்யூலில் "கிழக்கில் மாரியம்மாளுக்கு ஒதுக்கிய நிலம்" என்று இருந்தால், மாரியம்மாள் ஷெட்யூலில் அதே சர்வே எண்ணுக்கு "மேற்கில் கணேசனுக்கு ஒதுக்கிய நிலம்" என்று இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சொல்லி மறுபக்கம் சொல்லாவிட்டால் அங்கே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

## பெயர்: ஒரே ஆள், ஒரே பெயர்

நம் பெயர்களில் முதலெழுத்து நிலையாக நிற்பதில்லை. மாரியம்மாள் பள்ளிச் சான்றிதழில் சு. மாரியம்மாள். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் ரா. மாரியம்மாள், கணவர் பெயர் ராமசாமி என்பதால். வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது ராணி. அம்மாவின் மரணத்துக்குப் பிறகு வாங்கிய வாரிசுச் சான்றிதழில் "மாரியம்மாள் என்கிற ராணி". இந்த நான்கில் மூன்று பெயர்கள் ஒரே வரைவின் வெவ்வேறு பக்கங்களில் வந்துவிடும். குடும்பத்துக்குள் எல்லோருக்கும் அது ஒரே ஆள்தான். இருபது வருடம் கழித்து நிலத்தை வாங்க வருபவரின் வக்கீலுக்கு அது மூன்று ஆள்.

தரப்பினரை அறிமுகப்படுத்தும் இடத்தில் ஒரே ஒரு முறை முழுமையாக எழுதிவிட வேண்டும்: "காலஞ்சென்ற சுப்பையாவின் மகளும் ராமசாமியின் மனைவியுமான ரா. மாரியம்மாள் என்கிற ராணி என்கிற சு. மாரியம்மாள்." அடையாள அட்டையில் உள்ள பெயர் முதலில், மற்றவை "என்கிற" போட்டுப் பின்னால். அதற்கப்புறம் பத்திரம் முழுக்க "ரா. மாரியம்மாள்" மட்டுமே, அல்லது "நம்மில் 2 இலக்கமிட்டவர்" மட்டுமே.

இலக்கமும் தடுமாறும். நான்கு பேருக்கு 1, 2, 3, 4 என்று இலக்கம். மொத்தச் சொத்து "அ" ஷெட்யூல் ஆகிவிட்டதால் முதலாமவருக்கு "ஆ", இரண்டாமவருக்கு "இ" என்று ஓர் இடம் தள்ளிப் போகும். வரலாற்றுப் பகுதியில் "2 இலக்கமிட்டவருக்கு ஆ ஷெட்யூல்" என்று ஒரு வரி தப்பி வந்தாலும் மாரியம்மாளுக்குக் கணேசன் நிலம் எழுதப்பட்டதாகிவிடும். ஒரு தாளில் இலக்கம், பெயர், ஷெட்யூல் எழுத்து, சர்வே எண், சென்ட் என்று நான்கு வரி எழுதிக்கொண்டு, பத்திரத்தில் ஒரு பெயரோ இலக்கமோ வரும் ஒவ்வொரு இடத்தையும் அந்தத் தாளோடு ஒப்பிடுங்கள்.

இறந்தவர்களின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். தாய்ப்பத்திரத்தில் சுப்பையா, பட்டாவில் சுப்பையன், இறப்புச் சான்றில் சுப்பையாபிள்ளை என்று இருந்தால், மூன்றும் ஒருவரே என்று வரலாற்றுப் பகுதியில் ஒரு வாக்கியம் வேண்டும்.

## எப்படி உட்கார்ந்து படிப்பது

தனியாகப் படித்தால் கண் தான் எதிர்பார்ப்பதையே படிக்கும். இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் கையில் தாய்ப்பத்திரம், பட்டா, வாரிசுச் சான்று, ஆதார். இன்னொருவர் கையில் வரைவு. மூல ஆவணம் வைத்திருப்பவர்தான் உரக்கப் படிக்க வேண்டும், வரைவு வைத்திருப்பவர் டிக் போட வேண்டும். எண்களை "நூற்று நாற்பத்தெட்டு" என்று படிக்காமல் "ஒன்று, நான்கு, எட்டு, சாய்கோடு, இரண்டு, ஏ" என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். கணக்குகளை எழுத்தர் போட்டதைப் பார்த்துச் சரி என்று சொல்லாமல், நீங்களே புதிதாகக் கூட்டுங்கள். பட்டாவும் புலப்படமும் eservices.tn.gov.in தளத்தில் கிடைக்கும். பழைய ஜெராக்ஸை நம்பாமல் அன்றைய நகலை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருத்தம் சொன்ன பிறகு வரும் இரண்டாவது வரைவையும் முழுசாகப் படிக்க வேண்டும். ஒரு வரியைத் திருத்தும்போது பக்கத்து வரி நகர்ந்துபோவது சாதாரணமாக நடக்கிறது. முத்திரைத்தாளில் அச்சிடுவது அதற்குப் பிறகுதான்.

பத்திரத்தைத் தவிர, பதிவுத் துறையின் tnreginet.gov.in தளத்திலும் பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு ஆகியவை தனியாக உள்ளிடப்படுகின்றன. தாளில் சரியாக இருந்து கணினியில் 148/2B என்று போயிருந்தால், 148/2A-க்கு வில்லங்கச் சான்று போட்டுத் தேடுபவருக்கு உங்கள் பாகப்பிரிவினை தெரியாமலே போகலாம். எழுத்தர் உள்ளிட்ட விவரத்தையும் அச்சிட்டு வாங்கி அதே முறையில் டிக் போடுங்கள். பதிவு முடிந்த சில நாளில் 148/2A-க்கு ஒன்றும் 151/4-க்கு ஒன்றுமாக வில்லங்கச் சான்று எடுத்து, இரண்டிலும் இந்தப் பத்திர எண்ணும் நான்கு பெயர்களும் வந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.